சிறுதானியக் காலை உணவு: மலம் இளக வேண்டும், வயிறு உப்பக் கூடாது

கேள்வி: "எனக்கு 44 வயது. நான்கு மாதமாக மலச்சிக்கல். மூன்று நாளைக்கு ஒரு முறைதான் போகிறது, அதுவும் கட்டி கட்டியாக. பத்து நாளாகக் காலையில் சிறுதானியச் சத்துமாவைப் பாலில் காய்ச்சிக் கஞ்சியாகக் குடிக்கிறேன், கூடவே ஒரு கிண்ணம் முளைகட்டிய பயறு. மலம் இளகவில்லை, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே இருக்கிறது. சிறுதானியம் எனக்கு ஒத்துக்கொள்ளாதா? வாயு இல்லாமல் எப்படிச் சேர்ப்பது?"

பதில்:

இந்தக் கஞ்சியை நிறுத்துங்கள், சிறுதானியத்தை நிறுத்த வேண்டாம். நீங்கள் சொல்லும் காலை உணவில் வாயுவை உண்டாக்கக்கூடிய பொருள்கள் மூன்று இருக்கின்றன. சத்துமாவில் கலந்திருக்கும் பயறும் கடலையும் ஒன்று, பால் இன்னொன்று, முளைகட்டிய பயறு மூன்றாவது. இவற்றில் எதுவுமே சிறுதானியம் இல்லை. சிறுதானியம் சாப்பிட்டால் வாயு என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோரின் தட்டு இப்படித்தான் இருக்கிறது. ஒரே நாளில் ஐந்தாறு புதுப் பொருள்கள் உள்ளே போகின்றன, பழி மட்டும் சிறுதானியத்தின் மேல் விழுகிறது.

வாயு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் மீதி எல்லாம் எளிது. நம் சிறுகுடலால் செரிக்க முடியாத மாவுப்பொருள் எதுவாக இருந்தாலும் அது பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைக்கும்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலருக்கு மீத்தேனும் உண்டாகின்றன. எவ்வளவு வேகமாக நொதிக்கிறதோ அவ்வளவு உப்புசம். பயறு, பருப்பு, கடலை வகைகளில் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் சுரப்பதில்லை. அதனால் அவை முழுசாகப் பெருங்குடலுக்குப் போய் மளமளவென்று நொதிக்கின்றன. கோதுமையிலும் பார்லியிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் ஃப்ரக்டான் என்ற இன்னொரு வகை இருக்கிறது, அதன் குணமும் இதேதான். பாலில் லாக்டோஸ் இருக்கிறது. உலகில் வளர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு அதைச் செரிக்கும் திறன் சிறுவயதில் இருந்த அளவுக்கு இருப்பதில்லை.

மலத்தை இளக்கும் நார் வேறு மாதிரியானது. அது சீக்கிரம் நொதித்துவிடாமல், உருக்குலையாமல், தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போக வேண்டும். தானியத்தின் தவிட்டில் இருக்கும் சொரசொரப்பான நார் அப்படிப்பட்டது. அது குடல் சுவரில் உரசுவதால் குடல் கொஞ்சம் நீரையும் சளியையும் சுரக்கிறது, அதனால்தான் மலம் மெத்தென்று ஆகிறது. ஆகவே உங்கள் வயிறு உப்புவதற்கும் மலம் இளகுவதற்கும் காரணமான பொருள்கள் பெரும்பாலும் ஒன்றல்ல. உப்ப வைக்கிறதைக் குறைத்து, இளக்குகிறதைக் கூட்ட முடியும். இந்தப் பதில் முழுவதும் அதற்கான வழிதான்.

முதலில் மாவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு மலம் இளகாமல் போனதற்கு அதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். நார் எவ்வளவு நைசாக அரைபடுகிறதோ, அவ்வளவுக்கு அந்த உரசல் வேலை குறைந்துபோகிறது. கோதுமைத் தவிட்டில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கொரகொரப்பான தவிடு மலத்தை இளக்குகிறது. அதே தவிட்டை நைசாகப் பொடித்துக் கொடுத்தால் பலன் குறைகிறது, சிலருக்கு மலம் இன்னும் இறுகிக்கூடப் போகிறது. கேழ்வரகு சாப்பிட்டால் கட்டுகிறது என்று பலர் சொல்வதற்கும் எனக்குத் தெரிந்த விளக்கம் இதுவே. கேழ்வரகின் மேல்தோல் உள்ளிருக்கும் மாவோடு ஒட்டியே இருக்கும், தனியாகப் பிரிக்க முடியாது. அதனால் அதை எப்போதும் தோலோடு சேர்த்து மாவாக அரைத்துத்தான் சாப்பிடுகிறோம். நூறு கிராமில் சுமார் 11 கிராம் நார் இருந்தும், அது தூளாகிப்போன நார். அந்த மாவைக் கெட்டியாகக் கிண்டித் தண்ணீரும் குறைவாகக் குடித்தால் மலம் இறுகுவதில் வியப்பில்லை. கேழ்வரகு நல்ல தானியம், கால்சியத்துக்கு அதற்கு ஈடு வேறு தானியம் இல்லை. ஆனால் மலச்சிக்கலுக்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால் நான் முதலில் அதை எடுக்க மாட்டேன்.

முழு மணியாகவோ குருணையாகவோ வேகும் தானியத்தை எடுங்கள். சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகிய நான்கும் அதற்கு ஏற்றவை. மணி சிறியது, தனியாக வேகும், ஃப்ரக்டான் மிகக் குறைவு. ஆரம்பிக்க நான் சாமையைச் சொல்வேன், காரணம் அது சீக்கிரம் குழைகிறது என்பதுதான். உங்களுக்குத் தினைதான் கிடைக்கிறது, பிடிக்கிறது என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். இந்தத் தானியங்களின் வெளி உமியை நீக்கியே ஆக வேண்டும், அதைச் சாப்பிட முடியாது. ஆனால் உமிக்கு உள்ளே இருக்கும் தவிட்டையும் தீட்டி எடுத்துவிட்டால் மணி வெள்ளை வெளேரென்று அரிசிக் குருணை போல இருக்கும். அதில் நாருக்காக நாம் தேடுவது போய்விட்டது. மங்கலாக, லேசான பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருந்தால் தவிடு இருக்கிறது என்று அர்த்தம். தவிட்டோடு இருப்பது சீக்கிரம் காறல் வாடை அடிக்கும், அதனால் மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

இனி சமைப்பது. வேகாத தானியமும் வாயுவைத் தரும். பாதி வெந்த மணியின் நடுவில் இருக்கும் மாவுச்சத்து சிறுகுடலில் செரியாமல் நழுவிப் பெருங்குடலுக்குப் போய்விடுகிறது, அங்கே நொதிக்கிறது. மலத்தில் முழு மணிகள் தென்பட்டால் வேகவில்லை அல்லது மெல்லவில்லை என்று பொருள். அதனால் முந்தின இரவே கழுவி ஊற வைத்துவிடுங்கள். எட்டு மணி நேரம் ஊறிய மணி உள்வரை ஒரே சீராக வேகும். காலையில் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, 30 கிராம் சாமைக்கு ஒரு டம்ளர் தண்ணீர், அதாவது 200 மில்லி வைத்து, மூடிச் சிறுதீயில் இருபது நிமிடம் வேக விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு பத்து நிமிடம் மூடியே இருக்கட்டும். ஒரு மணியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாமல் மசிய வேண்டும். அதுதான் பதம். மசியவில்லையென்றால் இன்னும் அரை டம்ளர் வெந்நீர் விட்டு வேக வையுங்கள். நேரத்தைவிட அந்தப் பதத்தை நம்புங்கள்.

சூடாகவோ வெதுவெதுப்பாகவோ அப்போதே சாப்பிடுங்கள். வெந்த தானியம் ஆறிக் குளிரும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்கக் கடினமான வடிவத்துக்கு மாறுகிறது. அது குடல் பாக்டீரியாவுக்கு நல்ல தீனி, நாளடைவில் நன்மையும் செய்யும். ஆனால் இப்போது வயிறு உப்பியிருக்கும் உங்களுக்கு முதல் மூன்று வாரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்த பழைய சாதமோ கஞ்சியோ வேண்டாம்.

அளவு 30 கிராமிலிருந்து ஆரம்பிக்கட்டும். அது ஏறக்குறைய இரண்டரை மேசைக்கரண்டி. மீதிப் பசிக்கு நீங்கள் வழக்கமாகச் சாப்பிட்டு ஒத்துக்கொண்ட காலை உணவையே சாப்பிடுங்கள். ஐந்து நாள் இதே அளவில் நில்லுங்கள். வயிறு அமைதியாக இருந்தால் 40 கிராம், இன்னும் ஐந்து நாள். பிறகு 50, பிறகு 60. அதற்கு மேல் காலை வேளைக்குத் தேவையில்லை. எந்தப் படியில் உப்புசம் தொந்தரவாக இருக்கிறதோ அந்தப் படியிலிருந்து ஒரு படி இறங்கி இன்னும் ஐந்து நாள் இருங்கள். திடீரென்று கூடிய நாருக்குப் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக் கூட்டம் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த அவகாசத்தைக் கொடுக்காததுதான் பலருடைய முதல் வாரத்துத் தோல்விக்குக் காரணம்.

தானியத்தோடு என்ன சேர்ப்பது என்பதில் முதல் பத்து நாள் கண்டிப்பாக இருங்கள். உப்பு, இஞ்சி, சீரகம், ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது நெய், நன்றாக வெந்த கேரட் அரைக் கிண்ணம். இவ்வளவு போதும். வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இறங்காது என்றால் ஒரு வழி இருக்கிறது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டுப் பற்களை எண்ணெயில் வதக்கி, வாசம் ஏறியதும் பற்களை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியையும் சேர்க்கலாம், வெள்ளைக் குமிழ் வேண்டாம். இனிப்பாகச் சாப்பிட ஆசையென்றால் பப்பாளித் துண்டுகள் நல்ல துணை.

உப்புசம் வந்தால் எந்தப் பொருளைச் சந்தேகப்படுவது என்பதற்குக் கடிகாரத்தைப் பாருங்கள். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன், ஒரு நோட்டில் எழுதவும் வைப்பேன். பால் கலந்த உணவால் வரும் வாயு பொதுவாக அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும், கூடவே வயிறு களகளவென்று சத்தம் போடும், சிலருக்கு இளகிப் போகவும் செய்யும். தானியம், பயறு போன்ற திட உணவு பெருங்குடலை எட்டப் பல மணி நேரம் ஆகிறது. அதனால் காலை எட்டரைக்குச் சாப்பிட்ட பயறின் வாயு மதியத்துக்கு மேல் தொடங்கி மாலையில்தான் உச்சத்துக்குப் போகும். சாப்பிட்டு எழுந்த உடனேயே, பத்துப் பதினைந்து நிமிடத்தில் வயிறு பிடித்தால் அது அன்றைய தானியத்தின் வேலையாக இருக்க முடியாது, அது இன்னும் பெருங்குடலை எட்டவே இல்லை. வேகவேகமாக விழுங்கியதில் போன காற்றாக இருக்கலாம். அல்லது கீழே ஏற்கெனவே தேங்கியிருக்கும் மலமும் முந்தின இரவு உணவின் வாயுவும், உணவு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவதால் உங்களுக்குத் தெரியவருகின்றன. இப்படி நேரத்தை வைத்துப் பார்க்காமல், கடைசியாகச் சாப்பிட்டதையே குற்றம் சொல்வதால் எத்தனையோ பேர் தங்களுக்கு ஒத்துக்கொள்கிற உணவை விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் படிகள் நடைமுறையில் எப்படிப் போகும் என்பதற்கு ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். பள்ளி ஆசிரியை, 52 வயது. உங்களைப் போலவே மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை, கெட்டியாக, முக்கிப் போவது. அவருடைய சத்துமாவில் ஒன்பது பொருள்கள் இருந்தன. பிரித்து எழுதச் சொன்னபோது நான்கு மட்டுமே தானியம், மீதி பாசிப்பயறு, பொட்டுக்கடலை, சோயா, காய்ந்த பட்டாணி, நிலக்கடலை. தினமும் 60 கிராம் மாவு, கால் லிட்டர் பால். காலை உணவு முடிந்து ஒரு மணி நேரத்தில் வகுப்பில் நிற்க முடியாமல் வயிறு களகளக்கும், மாலை நான்கு மணிக்கு மேல் இன்னொரு முறை உப்பும். அவர் இரண்டையும் ஒரே தொல்லை என்று நினைத்திருந்தார். நோட்டில் நேரத்தைக் குறித்த பிறகுதான் அவை இரண்டு வேறு தொல்லைகள் என்பது புரிந்தது. காலையில் வந்தது பாலால், மாலையில் வந்தது பயறால்.

மாவையும் பாலையும் விலக்கிவிட்டு 30 கிராம் சாமையில் தொடங்கினோம். முதல் வாரத்தில் வாயு பாதிக்கு மேல் குறைந்தது, ஆனால் மலத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. நான் எதிர்பார்த்ததும் அதுதான், 30 கிராமில் பெரிதாக நார் இல்லை, குடலில் ஏற்கெனவே இருக்கும் மலம் வெளியேறவே சில நாள் ஆகும். ஒன்பதாம் நாள், 40 கிராமில் இருக்கும்போது, முக்காமல் ஒரு முறை போனார். பதினாறாம் நாளிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு முறை என்று ஆனது.

மூன்றாம் வாரக் கடைசியில் அவராகவே கம்புக்கு மாறினார், 50 கிராம் கம்பு நொய். அன்று மாலை வயிறு பானை போல ஆகிவிட்டது. கம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தார். எப்படிச் சமைத்தீர்கள் என்று கேட்டேன். சாமைக்குச் செய்தது போலவே இருபது நிமிடம், அதுவும் ஊற வைக்காமல். கம்பின் மணி சாமையைவிடப் பெரியது, கெட்டியானது, நொய்யாக இருந்தாலும் உள்ளே வேக நேரம் பிடிக்கும். இரவு முழுக்க ஊற வைத்து, ஆறு பங்கு தண்ணீரில் குக்கரில் இருபது நிமிடம் வேக வைத்து, 30 கிராமில் மறுபடி ஆரம்பித்தபோது எந்தத் தொல்லையும் இல்லை. இப்போது அவருக்கு வாரத்தில் மூன்று நாள் கம்பு, மற்ற நாள் சாமை. ஐந்தாம் வாரத்தில் விலக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தோம், ஒரு பொருளுக்கு மூன்று நாள் வீதம். தயிர் சரியாக இருந்தது. தயிரில் லாக்டோஸ் குறைவு, அதிலிருக்கும் பாக்டீரியாக்களே மீதியைச் செரிக்க உதவுகின்றன. ஊற வைத்துத் தண்ணீரை வடித்த பாசிப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி சரியாக இருந்தது, மூன்று மேசைக்கரண்டி ஆனதும் மாலையில் உப்பியது. பால் ஒரு டம்ளர் குடித்த முதல் நாளே ஒரு மணி நேரத்தில் களகளப்பு, தேநீரில் சேரும் கொஞ்சம் பாலுக்கு ஒன்றும் இல்லை. அவருடைய எல்லைகள் அவருக்குத் தெரிந்துவிட்டன. உங்கள் எல்லைகள் வேறாக இருக்கும், ஆனால் கண்டுபிடிக்கும் முறை இதேதான்.

பயறு விஷயத்தில் ஒரு சின்ன விளக்கம். முளைகட்டினால் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் ஓரளவு குறைவது உண்மை. ஆனால் நீங்கள் ஒரு கிண்ணம் சாப்பிடுகிறீர்கள், அதுவும் பச்சையாக என்றால் குறைந்ததெல்லாம் அளவில் ஈடாகிவிடும். திரும்பச் சேர்க்கும்போது ஒரு மேசைக்கரண்டி, அதுவும் ஆவியில் வேக வைத்து. உளுந்து சேர்த்துப் புளிக்க வைக்கும் மாவு அவ்வளவு தொல்லை தராது, ஏனென்றால் புளிக்கும்போது பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதியைப் பாத்திரத்திலேயே தின்றுவிடுகின்றன. சாமை நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்று ஊற வைத்து, கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து, நன்றாகப் பொங்கிய மாவில் ஆவியில் வேக வைத்தது மூன்றாம் வாரத்திலிருந்து சேர்க்கலாம்.

மற்ற முழுத் தானியங்களைப் பற்றியும் கேட்பீர்கள். ஓட்ஸ் உங்களுக்கு ஒத்துவர நல்ல வாய்ப்பு உண்டு. அதன் நார் பாகு போலத் தண்ணீரைப் பிடிக்கும், 40 கிராம் வரை பெரும்பாலோருக்கு உப்புசம் வருவதில்லை. உடனே கரையும் நைசான பொடியைவிடத் தட்டையாக அழுத்திய முழு ஓட்ஸை வாங்குங்கள். கோதுமை ரவையும் பார்லியும் மலத்தை நன்றாக இளக்கும், ஆனால் இரண்டிலும் ஃப்ரக்டான் இருக்கிறது. அவற்றை ஆறாவது வாரத்துக்கு மேல் 30 கிராமில் சோதித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பல தானியக் கலவையாகச் சாப்பிடும் ஆசை இப்போதைக்கு வேண்டாம். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாருக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் அது வெறும் அடைப்பு. நாளுக்கு 25 கிராம் நார் சாப்பிட்ட மலச்சிக்கல்காரர்களை இரண்டு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு மட்டும் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்ன ஒரு சோதனை 1998இல் வெளியானது. தண்ணீர் கூடக் குடித்தவர்களுக்கே முன்னேற்றம் அதிகமாக இருந்தது. எழுந்ததும் ஒரு டம்ளர், காலை உணவோடு ஒரு டம்ளர், மதியத்துக்குள் இன்னும் இரண்டு என்று முன்பகலிலேயே பாதியை முடித்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ இருந்து தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவைத் தாண்ட வேண்டாம், நாரையும் அதற்கேற்ப மெதுவாகக் கூட்டுங்கள்.

காலை உணவு முடிந்து இருபது, முப்பது நிமிடத்தில் பெருங்குடல் இயல்பாகவே வலுவாக அசையும். அந்த நேரத்தில் போய் உட்காருங்கள், வராவிட்டாலும் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். மேற்கத்திய கழிப்பறை என்றால் காலடியில் ஒரு சிறு முக்காலி வைத்து முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்காருங்கள்.

இதிலெல்லாம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தவிடு நீக்காத சாமை 60 கிராமில் இருக்கும் நார் ஏறக்குறைய 4.6 கிராம். அதே அளவு வெள்ளை அரிசியில் 1.7 கிராம். ஆக நீங்கள் கூட்டுவது சுமார் மூன்று கிராம்தான். கம்பு என்றால் ஐந்து கிராம் வரை வரும். வளர்ந்தவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதி முழுவதும் மதியமும் இரவும் சாப்பிடும் காய்கறியிலிருந்தும் பழத்திலிருந்தும் வர வேண்டும். காலையில் சிறுதானியம் சாப்பிட்டுவிட்டோம் என்று மற்ற வேளைகளில் காயை ஒதுக்கினால் கணக்கு நேராகாது. வாயு இல்லாமல் மலத்தை இளக்குவதில் பச்சைக் கிவிப் பழம் நாளுக்கு இரண்டு நன்றாக வேலை செய்கிறது. கிடைத்தால் சாப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் கவலையில்லை.

நீங்கள் ஆரம்பிக்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, கடைசியாக எப்போது திருப்தியாகப் போனீர்கள்? ஐந்தாறு நாளாகக் கட்டி உள்ளேயே நிற்கிறது, அடியில் அடைத்திருப்பது போல இருக்கிறது, நடுநடுவே தண்ணீராகக் கசிகிறது என்றால் அது அடைப்பு. அதன் மேல் நாரைக் குவித்தால் உப்புசமும் வலியும்தான் கூடும். மருத்துவரிடம் கேட்டு முதலில் அதை வெளியேற்றிவிட்டுப் பிறகு சாமையைத் தொடங்குங்கள். இரண்டாவது, நான்கு மாதத்துக்கு முன் என்ன மாறியது என்று யோசியுங்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அலுமினியம் கலந்த அமில முறிப்பான்கள், கோடீன் போன்ற வலி மருந்துகள், சில ரத்த அழுத்த மருந்துகள், எல்லாமே மலத்தைக் கட்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இப்படித்தான் தொடங்கும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தைராய்டு மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதை வெறும் வயிற்றில் போட்டு, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்தே இந்தக் காலை உணவைச் சாப்பிடுங்கள், நார் அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். மூன்றாவது, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, இரவில் எழுப்பும் வலி, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டு காலம் கடத்தாதீர்கள். வாந்தியோடு, வாயுகூடப் பிரியாமல் வயிறு உப்பினால் அன்றே மருத்துவமனை. குடல் குறுகியிருப்பதாகவோ குடலில் அறுவை சிகிச்சை நடந்ததாகவோ இருந்தால் கொரகொரப்பான தானியம் உங்களுக்கானது அல்ல, மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

இந்த மூன்றிலும் ஒன்றும் இல்லை, நான் சொன்ன அளவில் நான்கு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டு நிலைகளைக் கவனியுங்கள். மலம் இன்னும் வறண்ட கட்டியாகவே இருந்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் போகிறது என்றால் உங்கள் பெருங்குடலின் அசைவே மெதுவாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களில் பலருக்கு நார் கூடினால் பலன் இல்லை, உள்ளே நொதிக்க அதற்கு நேரம் கூடக் கிடைப்பதால் உப்புசம்தான் மிஞ்சும். 30 கிராமுக்கு இறங்கி, மருந்துக்கு மருத்துவரைப் பாருங்கள். மலம் மெத்தென்று ஆகிவிட்டது, ஆனாலும் வெகுநேரம் முக்க வேண்டியிருக்கிறது, போன பிறகும் மீதி இருப்பது போலவே இருக்கிறது என்றால் கோளாறு உணவில் இல்லை. முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசை இறுகிக்கொள்வது காரணமாக இருக்கலாம். அதற்குத் தானியத்தை மாற்றிப் பயனில்லை, அந்தத் தசையைத் தளர்த்தப் பழக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது, குடல் மருத்துவர் அதற்கு வழிசொல்வார்.